சிவப்பு மைக் குறிப்பைத் திருத்தி எழுதுவோம்

‘கருத்தில் தெளிவு இல்லை. சான்றுகள் போதாது. பிழைகள் அதிகம். இன்னும் முயற்சி தேவை.’ பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கட்டுரைக்கு அடியில், டியூஷன் ஆசிரியர் இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நோட்டைத் திரும்ப வாங்கியவள் எந்த வரியில் கைவைப்பாள்? அதற்கு இந்த நான்கு வாக்கியங்களிலும் பதில் இல்லை.

மாணவர் கட்டுரைகளில் ஆசிரியர்கள் எழுதும் குறிப்புகளை அமெரிக்கப் பேராசிரியர் நான்சி சோமர்ஸ் ஆராய்ந்து, 1982-இல் கட்டுரையாக வெளியிட்டார். பெரும்பாலான குறிப்புகள் ரப்பர் ஸ்டாம்ப் போலப் பொதுவாக இருந்தன; ஒரு கட்டுரையில் இருப்பதை எடுத்து இன்னொன்றில் வைத்தாலும் பொருந்தின. நம் குறிப்பைச் சோதிக்கவும் இதுவே நல்ல வழி. பக்கத்து மாணவனின் நோட்டுக்கும் அது பொருந்தினால், திருத்தி எழுத வேண்டியதுதான்.

அந்த மாணவியின் பத்தியைப் பார்ப்போம்.

‘ஏரிகள் நம் முன்னோர் தந்த சொத்து. மழைநீரை சேமிப்பது மிக அவசியம். எங்கள் ஊர் ஏரி போன வருஷம் சித்திரையிலேயே வற்றிவிட்டது. ஏரியை தூர்வார அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்.’

முதலில், இதில் நன்றாக வந்திருக்கும் வரி எது என்று தேட வேண்டும். மூன்றாவது வரி. மற்றவை எந்தக் கையேட்டிலும் கிடைக்கும்; இது அவள் கண்ணால் கண்டது. அதைச் சுட்டிக் காட்டினால் பாராட்டு தானாக அமைந்துவிடும். ‘சபாஷ்’, ‘கெட்டிக்காரி’ என்பவை மனதைக் குளிர்விக்கும். எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று அவை சொல்லாது.

அடுத்து, ‘தெளிவு இல்லை’ என்று நமக்குத் தோன்றியது எந்த இடத்தில்? மூன்றாம் வரிக்கும் நான்காம் வரிக்கும் நடுவில். ஏரி வற்றியது என்கிறாள். உடனே தூர்வாரச் சொல்கிறாள். ஏன் வற்றியது என்பது விடுபட்டிருக்கிறது. வரத்துக்கால்வாய் அடைபட்டிருந்தால், ஏரியை மட்டும் தூர்வாரிப் பயனில்லையே. ‘சான்றுகள் போதாது’ என்ற குறையும் இதே இடத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒரே கேள்வியாகக் கேட்டுவிடலாம்.

‘பிழைகள் அதிகம்’ என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘மழைநீரை சேமிப்பது’, ‘ஏரியை தூர்வார’ இரண்டிலும் ஒரே பிழை. ‘ஐ’ உருபுக்குப் பின் வல்லினம் மிக வேண்டும். கட்டுரை முழுக்க ஏழு இடத்தில் வட்டமிட்டால், ஏழு தப்பு என்றுதான் அவளுக்குத் தோன்றும். விதி ஒன்று என்று சொன்னால், மீதியை அவளே பிடித்துவிடுவாள்.

இப்போது குறிப்பு இப்படி மாறும்:

‘உன் ஊர் ஏரி சித்திரையிலேயே வற்றியதை எழுதியிருக்கிறாய். இந்தப் பத்தியில் என்னை நிறுத்திய வரி அது. ஏன் வற்றியது? வரத்துக்கால்வாய் அடைபட்டதா, ஆக்கிரமிப்பா? வீட்டில் பெரியவர்களைக் கேட்டு, காரணத்தை இரண்டு மூன்று வரியில் சேர். அப்போது கடைசி வரியின் கோரிக்கைக்கு வலு வரும். ‘ஏரியைத் தூர்வார’ என்று ‘த்’ வர வேண்டும். ‘ஐ’ உருபுக்குப் பின் க, ச, த, ப வரும் மற்ற இடங்களை நீயே பார்த்துத் திருத்து.’

குறைகள் எதையும் இதில் மறைக்கவில்லை. ‘முயற்சி தேவை’ என்றது போய், செய்ய வேண்டிய இரண்டு வேலைகள் வந்திருக்கின்றன. முதல் வரி அலங்காரமாக இருப்பது போன்ற சில்லறைக் குறைகளை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொன்னால், எழுத்துப்பிழையை மட்டும் சரிசெய்துவிட்டு நோட்டை மூடிவிடுவார்கள்.

குறை சொல்வதற்கான காரணத்தையும் சொல்லிவிடுவது நல்லது. டேவிட் யேகரும் சக ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் ஏழாம் வகுப்பு மாணவர்கள் எழுதிய கட்டுரைகளை ஆசிரியர்கள் வழக்கம்போலத் திருத்தினார்கள். சிலருக்கு மட்டும், ‘உன்னிடம் நிறைய எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்ட முடியும், அதனால்தான் இந்தக் குறிப்புகள்’ என்ற பொருளில் ஒரு துண்டுச்சீட்டு சேர்ந்திருந்தது. அந்தச் சீட்டு கிடைத்த கருப்பின மாணவர்களில், கட்டுரையைத் திருத்தி எழுத முன்வந்தவர்கள் கணிசமாகக் கூடினார்கள். ஆனால் வெறும் ‘தெளிவு இல்லை’க்குக் கீழே இந்த வரியை ஒட்டினால், எதை எட்டுவது என்று பிள்ளைக்குத் தெரியாது.

குறிப்பு போய்ச் சேர்ந்ததா என்று அறிய, நோட்டைத் திருப்பித் தரும்போதே ‘இதைப் படித்துவிட்டு முதலில் எதை மாற்றுவாய்?’ என்று கேளுங்கள். ‘நல்லா எழுதணும் சார்’ என்று பதில் வந்தால், குறிப்பு இன்னும் பொதுவாகவே இருக்கிறது. ‘ஏரி ஏன் வத்துச்சுன்னு எழுதணும்’ என்றால், அவள் திருத்த வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டாள்.