செயலியைக் கடையேற்றும் முறையும் அது திரும்பி வரும் காரணங்களும்

சில்லறைக் கடைக்காரர்கள் அன்றைய விலையைப் பார்த்துச் சரக்கு கேட்டு எழுதவும், தங்கள் பாக்கியைத் தெரிந்துகொள்ளவும் சொந்தமாக ஒரு செயலி வைத்துக்கொள்ள நம் மொத்த வணிகர்களில் பலர் முன்வந்துள்ளனர். செயலியைச் செய்து முடிப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. கூகுளின் பிளே ஸ்டோரிலும் ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலும் அதை ஏற்ற வேண்டும். அங்கே சரக்கைப் பிரித்துப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். பருப்பு மொத்த வணிகம் செய்யும் நம் உறுப்பினர் ஒருவரின் செயலி சென்ற வழியை வைத்தே இதை விளக்குவது எளிது என்று கருதுகிறோம்.

முதலில் கணக்கு. கூகுளில் ஒரே ஒரு முறை 25 டாலர் கட்டினால் போதும். ஆப்பிளில் ஆண்டுதோறும் 99 டாலர். புதுப்பிக்கத் தவறினால் செயலி கடையிலிருந்து இறக்கப்படும். இந்தக் கணக்கு வணிகரின் பெயரிலேயே இருக்க வேண்டும். செய்து கொடுப்பவர் "என் கணக்கிலேயே ஏற்றிவிடுகிறேன், செலவு மிச்சம்" என்பார். அதற்கு இசைவது, நம் சரக்கை அடுத்தவர் கிட்டங்கியில் இறக்கிச் சாவியையும் அவரிடமே கொடுப்பதற்குச் சமம். பின்னர் மாற்றிக்கொள்ள வழி உண்டு என்றாலும் அவர் மனம் வைத்தால்தான் நடக்கும்.

தனிநபர் கணக்கா, நிறுவனக் கணக்கா என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும். நிறுவனக் கணக்குக்கு டன்ஸ் எண் என்னும் ஒன்பது இலக்க எண் தேவை. டன் அண்டு பிராட்ஸ்ட்ரீட் நிறுவனம் வழங்குவது. தனி உரிமையாளராக வணிகம் செய்வோரை ஆப்பிள் தனிநபராகவே பதிந்துகொள்கிறது. அப்போது விற்பவர் என்ற இடத்தில் கடைப் பெயர் வராது, உரிமையாளர் பெயர்தான் வரும்.

நம் உறுப்பினர் தனி உரிமையாளர். கூகுளிலும் தனிநபர் கணக்கே தொடங்கினார். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கப்பட்ட தனிநபர் கணக்குகளுக்கு ஒரு கூடுதல் விதி உண்டு. செயலியைப் பொதுமக்களுக்குத் திறக்கும் முன், Closed testing என்ற பிரிவில் குறைந்தது 12 பேர் 14 நாள் இடைவிடாமல் சோதனையாளராக இருக்க வேண்டும். முன்பு 20 பேர் என்றிருந்ததைப் பிறகு குறைத்தார்கள். இவர் கடைச் சிப்பந்திகள் நால்வரையும் வாடிக்கையாளர் எட்டுப் பேரையும் சேர்த்துச் சரியாக 12 பேரை வைத்தார். ஒன்பதாம் நாள் இரண்டு பேர் சோதனையிலிருந்து விலகிவிட்டனர். எண்ணிக்கை பத்தாகியது, தொடர்ச்சி அறுந்தது. மறுபடியும் ஆள் சேர்த்து முதல் நாளிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. ஆகையால் 12 வேண்டுமென்றால் 16 அல்லது 18 பேரைச் சேர்த்து வைப்பதே நலம். ஒவ்வொருவரும் தங்கள் கூகுள் மின்னஞ்சல் கணக்கில் நின்று, அழைப்பு இணைப்பைத் திறந்து, சம்மதம் அழுத்தியிருக்க வேண்டும். செயலியை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஏற்றிக்கொண்டவர் இந்தக் கணக்கில் வரமாட்டார்.

பதினான்கு நாள் கழிந்ததும் தானாகத் திறந்துவிடாது. விண்ணப்பம் செய்ய வேண்டும். சோதனையாளர்கள் என்ன சொன்னார்கள், அதைக் கேட்டு எதைத் திருத்தினீர்கள் என்று கேட்பார்கள். "மூட்டைக் கணக்கும் கிலோக் கணக்கும் குழம்புகிறது என்றார்கள், இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வைத்தோம்" என்று உள்ளது உள்ளபடி எழுதியதில் இவருக்கு அனுமதி கிடைத்தது.

அடுத்து ஆப்பிள். இங்கேதான் செயலி இரண்டு முறை திரும்பியது.

முதல் முறை வந்த காரணம் விதி 2.1. செயலி முழுமையாக இல்லை என்பது அதன் பொருள். செய்தவர் திகைத்துப் போனார். அவர் கைப்பேசியில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. விஷயம் வேறு. செயலிக்குள் நுழைய இந்தியக் கைப்பேசி எண் கொடுத்து, அதற்கு வரும் ஓடிபியை இட வேண்டும். அதன் பிறகும் மண்டியில் ஒருவர் கடையைச் சரிபார்த்து அனுமதித்தால்தான் விலைப்பட்டியல் திறக்கும். பரிசீலிப்பவரோ வேறு நாட்டில் இருப்பவர். அவருக்கு ஓடிபியும் வராது, அனுமதியும் கிடைக்காது. வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். முதன்முறை ஏற்றப்படும் செயலிகள் திரும்ப இதைவிடப் பரவலான காரணம் நாம் கண்டவரையில் இல்லை.

தீர்வு கடினமானதன்று. ஒரு சோதனை எண்ணை ஒதுக்கி, அதற்கு மட்டும் மாறாத ஓடிபி ஒன்றைச் செய்தவர் தம் சர்வரில் வைத்தார். அந்த எண்ணின் பெயரில் ஒரு மாதிரிக் கடையை முன்கூட்டியே அனுமதித்து வைத்தார். அந்தக் கடைக்குள் துவரம் பருப்பு, உளுந்து, பாசிப் பயறு என்று சரக்கும் விலையும், முடிந்த இரண்டு ஆர்டர்களும், கொஞ்சம் பாக்கியும் இருந்தன. வெறும் பக்கங்களைக் காட்டினாலும் முழுமையில்லை என்றே திரும்பும். App Review Information பகுதியில் Sign-in required என்பதைக் குறித்து, எண்ணையும் ஓடிபியையும் இட்டு, Notes கட்டத்தில் எந்தப் பொத்தானை அழுத்தி எப்படி ஆர்டர் போடுவது என்று நாலு வரி ஆங்கிலத்தில் எழுதினார்கள். கூகுளிலும் இதே விவரத்தை App access பகுதியில் தர வேண்டும்.

இரண்டாம் முறை விதி 5.1.1(v). செயலிக்குள் கணக்குத் தொடங்க முடியுமானால், செயலிக்குள்ளேயே அதை நீக்கவும் வழி இருக்க வேண்டும். 2022 ஜூன் 30 முதல் ஆப்பிள் இதைக் கட்டாயமாக்கியுள்ளது. கூகுளும் கேட்கிறது, அத்துடன் செயலி இல்லாமலே நீக்கக் கோருவதற்கு ஓர் இணையப் பக்கமும் வேண்டும் என்கிறது. "மண்டிக்குப் போன் செய்யவும்" என்று எழுதி வைத்தது செல்லவில்லை.

நம் வணிகர் இதில் தயங்கியதற்குக் காரணம் உண்டு. கணக்கை நீக்கினால் பில்லும் போய்விடுமே, ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டுமே, பாக்கியை எப்படி வசூலிப்பது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சட்டம் வைக்கச் சொல்வதை வைத்துக்கொள்ள இரு கடைகளும் தடை சொல்லவில்லை. நுழைவுக் கணக்கையும் தேவையற்ற சொந்த விவரங்களையும் நீக்கிவிட்டு, பில் விவரம் சட்டப்படி வைக்கப்படும் என்பதை நீக்கும் பக்கத்திலும் தனியுரிமைக் கொள்கையிலும் சொல்லிவிட்டால் போதும். கூகுளின் Data safety படிவத்தில் எழுதுவதும் இதோடு ஒத்திருக்க வேண்டும். ஓரிடத்தில் எண் வாங்குகிறோம் என்றும் மற்றோரிடத்தில் எதுவும் வாங்குவதில்லை என்றும் எழுதினால் அதுவே தனியொரு காரணமாகும்.

விற்பனையில் ஆப்பிள் பங்கு கேட்குமே என்ற பேச்சும் நம்மிடையே உலவுகிறது. செயலிக்குள் பயன்படும் டிஜிட்டல் பொருளுக்குத்தான் அவர்கள் வழியாகப் பணம் வாங்கும் விதி. பருப்பு மூட்டைக்கு அவர்கள் வழியில் பணம் வாங்கவே கூடாது. யுபிஐ, வங்கி மாற்று, பற்று எதுவானாலும் நம் ஏற்பாடு.

திரும்பி வந்தால் செயலியைப் புதிதாகச் செய்யக் கிளம்ப வேண்டாம். விதி எண்ணோடும், பல சமயம் அவர்கள் பார்த்த திரையின் படத்தோடும் பதில் வரும். நுழைவு விவரம் மட்டுமே குறை என்றால், அதே இடத்தில் விளக்கம் எழுதினாலே மறுபடி பார்ப்பார்கள். நம் உறுப்பினர் முதல் முறை அப்படித்தான் செய்தார். இரண்டாம் முறை நீக்கும் வழியைச் சேர்த்துப் புதுப் பதிப்பை அனுப்பினார், அது ஏறியது. அந்தச் சோதனை எண்ணையும் மாதிரிக் கடையையும் அவர் இன்றும் அழிக்கவில்லை. ஒவ்வொரு புதுப் பதிப்பும் மறுபடி பரிசீலனைக்குப் போகும். அப்போதும் யாரோ ஒருவர் அந்த எண்ணை இட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.