திறக்கவும் வேண்டும், திட்டவும் கூடாது

செய்திமடல் நடத்துகிறவர் புதுக் கட்டுரை ஒன்றை எழுதி முடித்ததும் வாசகர்களுக்கு மின்னஞ்சலில் தகவல் அனுப்புகிறார். அதைத் திறப்பதா, விரலால் தள்ளிவிடுவதா என்று வாசகர் முடிவுசெய்யும்போது அவர் கண்ணில் படுவது மூன்றே துண்டுகள்: அனுப்பியவர் பெயர், தலைப்பு வரி, அதற்குக் கீழே மங்கலாகத் தெரியும் முன்னோட்ட வரி. பெயரை மாதாமாதம் மாற்றாமல் ஒரே மாதிரி வைத்திருந்தால் போதும். மற்ற இரண்டும்தான் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுத வேண்டியவை.

ஓர் உதாரணம். சமையலறைப் பொருள்களைப் பற்றி எழுதுகிற ஒருவர், தேனைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கும் சோதனையைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கரையாமல் அடியில் போய்த் தங்கினால் அசல் தேன் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் அப்படித்தான் அடியில் தங்கும். ஆகவே இந்தச் சோதனையை வைத்துக் கலப்படத்தைப் பிடிக்க முடியாது என்பது கட்டுரை.

முதலில் கைக்கு வரும் தலைப்பு இது: ‘புதிய கட்டுரை வெளியாகியுள்ளது: தேனின் தூய்மையைக் கண்டறிவது எப்படி?’ இதில் பொய் இல்லை, ஆனால் பயனும் இல்லை. போனில் தலைப்பின் முன்பாதிதான் தெரியும். அந்த இடத்தை ‘புதிய கட்டுரை வெளியாகியுள்ளது’ பிடித்துக்கொள்கிறது. எல்லா மாதமும் அதே சொற்கள் வந்தால் கண் அதைப் படிப்பதையே நிறுத்திவிடும். ‘இதழ் 14’ என்று தொடங்குவதும் இதே வகைதான். எண் அனுப்புகிறவருக்குத் தேவை, வாசகருக்கு அல்ல.

இரண்டாவதாக ஆசை காட்டுவது யூடியூப் பாணி: ‘நீங்கள் சாப்பிடுவது தேன்தானா?! அதிர்ச்சித் தகவல்!!’ திறப்பார்கள்தான். உள்ளே பாத்திரத்தில் தண்ணீரும் சர்க்கரைப் பாகும் மட்டும் இருப்பதைக் கண்டு எரிச்சலில் ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்துவார்கள். அந்த அழுத்தல்தான் ஆபத்து. 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஜிமெயில் விதிகள், புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது, 0.1 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது என்கின்றன. ஆயிரம் கடிதங்களுக்கு மூன்று பேர் கோபித்துக்கொண்டாலே எல்லை வந்துவிடும். அதன் பிறகு, விரும்பிக் காத்திருக்கும் வாசகருக்கும் கடிதம் ஸ்பேம் பெட்டிக்குள் போகத் தொடங்கலாம். ‘Re:’ என்று போட்டு, ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தது போல நடிக்கும் தலைப்பும் இதே கோபத்தைத்தான் வாங்கித் தரும்.

‘இலவசம்’, ‘சலுகை’ போன்ற சொற்களைத் தவிர்த்தால் தப்பிக்கலாம் என்று நீளமான பட்டியல்கள் சுற்றிவருகின்றன. அவற்றை நான் பெரிதாக மதிப்பதில்லை. ஒரு சொல்லைப் பார்த்ததும் தள்ளிவிடும் வடிகட்டிகளின் காலம் எப்போதோ போய்விட்டது. 2002-இல் பால் கிரஹாம் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையே, கடிதத்தில் உள்ள சொற்களின் நிகழ்தகவுகளைச் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கும் முறையைத்தான் முன்வைத்தது. இன்று அதோடு அனுப்புகிறவரின் முகவரி உண்மையானதா, வாசகர்கள் முன்பு என்ன செய்தார்கள் என்பதெல்லாம் சேர்ந்துவிட்டன. ‘பெரிய எழுத்தில் கத்தாதீர்கள்’ என்ற ஆங்கில அறிவுரைக்குத் தமிழில் வேலையே இல்லை. நமக்குப் பெரிய எழுத்து கிடையாது. நாம் கத்துவது ஆச்சரியக்குறியில்.

தமிழுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். மறுப்பும் கடைசியில்தான் வரும். ‘தேனைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தால் அசலா போலியா என்று தெரிந்துவிடும் என்பது உண்மையல்ல’ என்று எழுதினால், போன் அதை ‘தேனைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தால் அசலா…’ என்று வெட்டிவிடும். கட்டுரை எதை மறுக்கிறதோ அதையே தலைப்பு சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. திறக்காமல் போகும் வாசகர் தப்பான செய்தியுடன் போகிறார்.

எழுத்துக் கணக்கும் நம்மை ஏமாற்றும். ‘50 எழுத்துக்குள் தலைப்பு’ என்ற அறிவுரை ஆங்கிலத்துக்காகச் சொன்னது. ‘கட்டுரை’ நமக்கு நான்கு எழுத்து. புள்ளியையும் துணைக்குறிகளையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்கு ஏழு. தமிழ் எழுத்துகள் திரையில் அகலமாகவும் இடம் பிடிக்கும். எத்தனை எழுத்து தெரியும் என்பது போனுக்குப் போன் மாறுவதால், முதல் மூன்று சொற்கள்தான் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுவது நல்லது. அந்த மூன்று சொற்களும் தனியாக நின்றாலும் தப்பாகப் பொருள் தரக் கூடாது.

இந்தக் கணக்கில் தேறும் தலைப்பு ஒன்று: ‘தண்ணீரில் கரையாத தேன் சுத்தமானதா?’ நமக்கு 17 எழுத்து. கணினிக்கு இடைவெளியும் கேள்விக்குறியும் போக 29. ‘தண்ணீரில் கரையாத தேன்…’ என்று வெட்டினாலும் எதைப் பற்றியது என்று புரியும், பொய்யும் ஆகாது. இதைக் கேட்டதும் பலருக்கு வீட்டில் செய்து பார்த்த சோதனை நினைவுக்கு வரும்.

இனி முன்னோட்ட வரி. இதைப் பலர் எழுதுவதே இல்லை. எழுதாவிட்டால் இடம் காலியாக இருக்காது. கடிதத்தின் உள்ளே முதலில் அகப்படும் சொற்களை மின்னஞ்சல் செயலி தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும். பெரும்பாலும் அது ‘இந்த மின்னஞ்சல் சரியாகத் தெரியவில்லையா? இங்கே அழுத்தவும்’ என்பதாக இருக்கும். செய்திமடல் அனுப்பும் பல சேவைகளில் ‘Preview text’ என்று ஒரு பெட்டி இருக்கும். அது இல்லாவிட்டால், கடிதத்தின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரியைச் சேர்க்கலாம்:

```html
<div style="display:none">கெட்டியான சர்க்கரைப் பாகும் அடியில்தான் தங்கும். வீட்டில் எதைச் சோதிக்கலாம், எதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும்?</div>
```

தலைப்பையே திருப்பிச் சொல்லும் முன்னோட்டம் வீண். தலைப்பு கேட்ட கேள்விக்கு இங்கே விடையின் முதல் பாதி வந்துவிடுகிறது. விடையைச் சொல்லிவிட்டால் யார் உள்ளே வருவார்கள் என்று சிலர் பயப்படுவார்கள். விடை மட்டும் போதும் என்கிறவர் உள்ளே வந்தாலும் நான்காவது வரியில் போய்விடுவார். காரணம் வேண்டும் என்கிறவர் விடை தெரிந்த பிறகும் வருவார். ஒளித்து வைப்பதால் கிடைக்கும் கூடுதல் திறப்புகளில்தான் மேலே சொன்ன எரிச்சல் உருவாகிறது.

எந்தத் தலைப்பு எடுபட்டது என்று பார்க்க, திறந்தவர் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். கடிதத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு படம் ஒன்றை வைத்து, அது இறக்கப்பட்டதா என்று பார்த்துத்தான் அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை ஏற்பாடு, வாசகர் கடிதத்தைத் தொடாவிட்டாலும் அந்தப் படத்தை முன்கூட்டியே இறக்கிவிடும். அதனால் ஐபோன்காரர்கள் பலர் திறந்ததுபோலவே தெரியும். கட்டுரைக்குள் கிளிக் செய்து போனவர்கள், பதில் எழுதியவர்கள், விலகியவர்கள்: இந்த மூன்று எண்களைப் பாருங்கள். இருநூறு பேருக்கு ஒரு தலைப்பு, இன்னும் இருநூறு பேருக்கு வேறொன்று என்று அனுப்பி, நாலைந்து கிளிக் வித்தியாசத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவதும் சரியல்ல. அது தற்செயலாகவும் வரலாம்.

சந்தாவிலிருந்து விலகும் இணைப்பை அடியில் நுண்ணெழுத்தில் புதைக்காதீர்கள். விலக வழி தெரியாதவர்தான் ஸ்பேம் பொத்தானைத் தேடுவார்.

அனுப்புமுன் உங்களுக்கே ஒரு சோதனைக் கடிதம் அனுப்பி, ஜிமெயில், அவுட்லுக், ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் என மூன்று இடங்களில் பாருங்கள். மின்னஞ்சல் தலைப்பில் தமிழ் நேரடியாகப் போவதில்லை. பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளாகக் குறியேற்றி, 75 குறிகளுக்கு மிகாத துண்டுகளாக வெட்டித்தான் அனுப்பப்படுகிறது. மோசமான மென்பொருள் ஓர் எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடும். அப்போது ‘தேன்’ இருக்க வேண்டிய இடத்தில் � என்ற கறுப்புக் கேள்விக்குறி வந்து நிற்கும். தலைப்பைச் சுருக்கினால் சில நேரம் இது சரியாகும். ஆகாவிட்டால் அனுப்பும் சேவையை மாற்றுவதுதான் வழி.