கரண்ட் போனதும் கைவிடும் யுபிஎஸ்

எங்கள் தெருமுனையில் ஒரு அக்கா டிடிபி கடை வைத்திருக்கிறார். தகரக் கூரை போட்ட சிறிய கடை. கம்ப்யூட்டர் ஒன்று, லேசர் பிரிண்டர் ஒன்று, மேசைக்கடியில் 600 விஏ யுபிஎஸ் ஒன்று. "தம்பி, கரண்ட் போனா இதுவும் கூடவே போயிடுது. கரண்ட் இருக்கறப்பவும் கத்திக்கிட்டே கெடக்கு" என்றார். அதற்கு முன்பே வந்து பார்த்த ஒருவர், பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்து 12.7 வோல்ட் காட்டுவதைப் பார்த்துவிட்டு, பேட்டரி நன்றாக இருக்கிறது, உள்ளே இருக்கும் போர்டுதான் போய்விட்டது என்று சொல்லியிருந்தார்.

சும்மா இருக்கும் பேட்டரியின் வோல்ட் அளவை நம்பக்கூடாது. தூர்ந்துபோன கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் எட்டிப் பார்த்தால் தண்ணீர் மேலே நிற்கும். மோட்டாரைப் போட்டால் இரண்டே நிமிடத்தில் காற்று இழுக்கும். பழைய பேட்டரியும் அப்படித்தான். உள்ளே ஈரம் காய்ந்து, ஈயத் தகடுகள் அரித்துப்போனால், சுமை இல்லாதபோது 12.7 காட்டும்; சுமை ஏறிய நொடியில் சரியும். 10.5 வோல்ட் வாக்கில் வந்ததும் யுபிஎஸ் தானே நின்றுவிடும்.

அதனால் சுமை ஏற்றித்தான் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் கழற்றிவிட்டு, யுபிஎஸ்ஸில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை மட்டும் மாட்டினோம். சார்ஜ் ஏற நேரம் கொடுத்து, பிறகு சுவரில் சுவிட்சை அணைத்தோம். நல்ல பேட்டரி அந்த பல்பை அரை மணி நேரம் போலத் தாங்கியிருக்க வேண்டும். அக்காவின் பேட்டரி ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. போர்டில் குறையில்லை, பேட்டரிக்குத்தான் வயதாகிவிட்டது.

வாங்கி மூன்று வருடம் தாண்டியிருந்தது. இந்த வகை மூடிய ஈய பேட்டரி 25 டிகிரி சூட்டில் மூன்று முதல் ஐந்து வருடம் வரும். சூடு பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். தகரக் கூரையின் கீழே, சுவரோடு ஒட்டி, காற்றே படாத மூலையில் இருந்தும் அது இத்தனை நாள் உழைத்திருக்கிறது.

யுபிஎஸ்ஸை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, புதிய 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் பேட்டரியை மாட்டினோம். சிவப்பு ஒயர் பிளஸ்ஸில், கறுப்பு மைனஸில். இது மாறினால் நிஜமாகவே போர்டு போய்விடும். இரண்டு முனைகளையும் ஸ்க்ரூடிரைவர் ஒரே நேரத்தில் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். மறுநாளே கூப்பிட்டார். "பிரிண்ட் போடுறப்ப கத்துது தம்பி. அந்த நேரம் பார்த்து கரண்ட் போச்சு, எல்லாமே அணைஞ்சிடுச்சு."

இது பேட்டரியின் குற்றமில்லை. பெட்டியில் 600 விஏ என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், பின்பக்க ஸ்டிக்கரில் 360 வாட் என்று சிறிதாக இருக்கும். அதுதான் அது தாங்கும் எல்லை. கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 150 வாட் எடுத்தன. லேசர் பிரிண்டரோ மையைத் தாளில் உருக்கி ஒட்ட உருளையைச் சூடேற்றும்போது மட்டும் 800 வாட் வரை இழுக்கும். கரண்ட் இருக்கும்வரை இந்தச் சின்ன யுபிஎஸ் சுவர் மின்சாரத்தை அப்படியே கடத்திவிடுகிறது. அதனால் கத்துவதோடு நின்றது. கரண்ட் போனதும் முழுச் சுமையும் அதன் தலையில் விழ, தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிட்டது. எத்தனை புதிய பேட்டரி போட்டாலும் இது மாறாது.

கத்தலைக் காது கொடுத்துக் கேட்டால் இந்த வித்தியாசம் ஓரளவு பிடிபடும். பெரும்பாலான சின்ன யுபிஎஸ்களில், விட்டுவிட்டு வரும் ஒலி பேட்டரியில் ஓடுகிறது என்பதற்கு. அது வேகமெடுத்தால் சார்ஜ் தீரப்போகிறது. நிறுத்தாமல் நீளும் ஒலி பெரும்பாலும் ஓவர்லோடு. கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும் என்பதால், மாட்டியதை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதே நிச்சயமான வழி. ஒன்றைக் கழற்றியதும் கத்தல் நின்றால் சுமைதான் காரணம். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும், கரண்ட் இருக்கும்போதே கத்தினால் முதலில் பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.

பிரிண்டரின் பிளக்கை நேராகச் சுவருக்கு மாற்றினோம். கம்ப்யூட்டரை மட்டும் விட்டு சுவிட்சை அணைத்ததில், பத்து நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடியது. 84 வாட் மணி கொண்ட பேட்டரி, 150 வாட்டுக்கு அரை மணிக்கு மேல் வர வேண்டாமா என்று கேட்டார் அக்கா. அந்த 84 என்பது இருபது மணி நேரம் பொறுமையாக எடுத்தால் கிடைக்கும் கணக்கு. அவசரமாக இழுத்தால் பேட்டரி அதில் பாதிகூடத் தராது. ஃபைலைச் சேமித்து, கம்ப்யூட்டரை முறையாக அணைக்க அந்தப் பத்து நிமிடம் போதும்.

பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்ததில் புதியதற்குக் கொஞ்சம் விலை குறைந்தது. உள்ளே இருப்பது ஈயமும் அமிலமும்; குப்பையில் போடக்கூடாது. யுபிஎஸ் இப்போது மூலையை விட்டு ஒரு ஜாண் வெளியே நிற்கிறது. பேட்டரி மாற்றிய தேதியை அக்கா மார்க்கரால் அதன் மேலேயே எழுதி வைத்திருக்கிறார்.