சேமிப்புக் குழுவின் கணக்குக் கொப்பி: வருட முடிவில் யாருக்கு எவ்வளவு?

1989ஆம் ஆண்டில் கொழும்பு நகரின் குடிசைக் குடியிருப்புகளில் பெண்கள் சிறு சிறு குழுக்களாகக் கூடி, வாரம் ஐந்து ரூபாவாகச் சேமித்து, அந்தப் பணத்தைத் தமக்குள்ளேயே கடனாகக் கொடுத்து வாங்கத் தொடங்கினார்கள். பெண்கள் வங்கி என்று பின்னர் அறியப்பட்ட இயக்கம் அவ்வாறே பிறந்தது. இன்று கொலன்னாவையிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும், இடம்பெயர்ந்து வந்து வாடகை அறைகளில் குடியிருக்கும் நம் விவசாயக் குடும்பங்கள் ஐந்து பேர், பத்துப் பேராகச் சேர்ந்து இவ்வாறு சேமிப்பதை நாம் காண்கிறோம்.

இக்குழுக்கள் பெரும்பாலும் உடைவது பணம் களவு போவதால் அல்ல. வருட முடிவில் வட்டியைப் பங்கிடும்போது எழும் மனக்கசப்பினாலேயே அவை உடைகின்றன. ஊரில் நிலையாக இருப்பவர்களின் குழுவில் எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்து ஒரே தொகையைப் போடலாம். நம்மிடையே அப்படி நடப்பதில்லை. ஒருவர் ஆடி மாதத்தில்தான் வந்து சேருகிறார். இன்னொருவருக்கு ஊரிலுள்ள காணியின் அறுவடைக்குப் பின்னர்தான் கையில் காசு வருகிறது. வேறொருவர் ஆவணியில் ஊர் திரும்புகிறார். இவர்கள் எல்லோருக்கும் நியாயமான பங்கு எது என்பதைக் கொப்பி சொல்ல வேண்டும். அது எவ்வாறு என்பதை ஒரு கற்பனைக் குழுவை வைத்துப் பார்ப்போம்.

மூன்று பதிவுகள்

குழுவுக்கு ஒரு சீ.ஆர். கொப்பி போதும். அதன் முற்பகுதியில் ஒவ்வொரு கூட்டத்திலும் வந்த பணமும் போன பணமும் எழுதப்படும். நடுப்பகுதியில் ஒவ்வோர் அங்கத்தவருக்கும் ஒரு சேமிப்புப் பக்கம் இருக்கும். பிற்பகுதியில் கடன் பெற்றவருக்கு ஒரு கடன் பக்கம் இருக்கும். இவற்றோடு ஒவ்வோர் அங்கத்தவரின் கையிலும் ஒரு சிறு சேமிப்புப் புத்தகம் இருக்க வேண்டும். கொப்பியில் எழுதியதை அதிலும் எழுதிப் பொருளாளர் ஒப்பமிட வேண்டும். 2016ஆம் ஆண்டு மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்தபோது கொலன்னாவையில் பல வீடுகள் நீரில் மூழ்கின. அவ்வாறான நாளில் குழுவின் கொப்பி அழிந்தாலும், அங்கத்தவர்களின் புத்தகங்களிலிருந்து கணக்கை மீண்டும் எழுதலாம்.

நமது எடுத்துக்காட்டுக் குழுவில் ஆறு பேர். முதல் ஐவரும் ஜனவரி முதல் மாதம் 500 ரூபா போடுகிறார்கள். ஆறாமவர் ஜூலையில் சேர்ந்து மாதம் 1,000 ரூபா போடுகிறார். ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம். ஜனவரியில் கொப்பிகளும் பேனையும் வாங்க 120 ரூபா செலவு.

கடனும் வட்டியும்

இக்குழு மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபா வட்டி என்று முடிவு செய்துள்ளது. மார்ச் கூட்டத்தில் ஓர் அங்கத்தவர், இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் தொழிலுக்காக 6,000 ரூபா கடன் பெறுகிறார். அதை மாதம் 1,000 ரூபாவாக ஆறு மாதங்களில் திருப்பிக் கொடுப்பார். வட்டி எப்போதும் மிகுதியாக நிற்கும் முதலுக்கு மட்டுமே கணக்கிடப்படும். ஏப்ரலில் 6,000 ரூபாவுக்கு 120 ரூபா வட்டி, மே மாதம் 5,000 ரூபாவுக்கு 100, அடுத்து 80, 60, 40, 20. மொத்த வட்டி 420 ரூபா. முதல் குறைந்த பின்னரும் மாதாமாதம் 120 ரூபாவே வாங்கினால் அவர் 720 ரூபா கொடுக்க நேரிடும்.

ஏப்ரலில் அவர் கொடுக்கும் 1,120 ரூபாவை ஒரே தொகையாக எழுதக்கூடாது. முதல் 1,000 என்றும் வட்டி 120 என்றும் இரண்டு நிரல்களில் பிரித்து எழுத வேண்டும். திரும்பி வந்த முதல் குழுவின் வருமானம் அல்ல. அது ஏற்கெனவே நம்முடைய பணம். வட்டி மட்டுமே வருமானம். இவ்விரண்டையும் கலந்து எழுதிய கொப்பியில் வருட முடிவில் இலாபம் எவ்வளவு என்பதை எவராலும் சொல்ல முடியாது.

மார்ச் மாதத்தில் அக்கடன் பெற்றவரின் சொந்தச் சேமிப்பு 1,500 ரூபா மட்டுமே. எஞ்சிய 4,500 ரூபா மற்றவர்களின் பணம். ஆகவே சேமிப்பை விடக் கூடிய கடனுக்கு இரண்டு அங்கத்தவர்கள் பிணை நின்று கடன் பக்கத்தில் ஒப்பமிட வேண்டும். தவணை ஆறு மாதங்களுக்கு மேற்படாதிருப்பதும், எல்லாக் கடன்களும் டிசம்பருக்குள் முடிவதும் நல்லது.

மாதந்தோறும் சமன் பார்த்தல்

கூட்டம் கலையுமுன் ஒரு சோதனை செய்ய வேண்டும். ஒரு பக்கத்தில் இதுவரை சேர்ந்த சேமிப்பையும் பெற்ற வட்டியையும் கூட்டி, செலவைக் கழியுங்கள். மறுபக்கத்தில் கையிருப்பையும் வெளியே நிற்கும் கடனையும் கூட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மே கூட்டத்தின் முடிவில் நமது குழுவின் சேமிப்பு 12,500 ரூபா. பெற்ற வட்டி 220. செலவு 120. ஆகவே 12,600 ரூபா இருக்க வேண்டும். வெளியே நிற்கும் கடன் 4,000. அப்படியானால் பெட்டியில் 8,600 ரூபா இருக்க வேண்டும். அதை எல்லோர் முன்னிலையிலும் எண்ணிப் பார்க்க வேண்டும். வித்தியாசம் 1,000 ரூபா என்றால், ஒரு தவணை முதல் எழுதப்படாமல் விடுபட்டிருக்கலாம். 500 ரூபா என்றால், ஒருவரின் சேமிப்பு விடுபட்டிருக்கலாம். அன்றே தேடினால் கண்டுபிடிக்கலாம். டிசம்பரில் தேடினால் சந்தேகமே மிஞ்சும்.

புள்ளி முறை

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். டிசம்பர் முடிவில் முதல் ஐவரும் தலா 6,000 ரூபா சேமித்திருப்பார்கள். ஜூலையில் வந்தவரும் மாதம் 1,000 வீதம் 6,000 ரூபா சேமித்திருப்பார். சேமிப்பு ஆறு பேருக்கும் சமம். வட்டியும் சமமாக இருக்கலாமா? இருக்க முடியாது. மார்ச்சில் கடனாகப் போன பணத்தில் ஜூலையில் வந்தவரின் காசு ஒரு சதமும் இல்லை. பணம் எவ்வளவு என்பதோடு, அது எத்தனை மாதம் குழுவுக்காக உழைத்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதற்கு எளிய வழி புள்ளி போடுவதாகும். 500 ரூபா ஒரு மாதம் குழுவில் இருந்தால் ஒரு புள்ளி. ஒவ்வொரு கூட்டத்திலும் அங்கத்தவரின் சேமிப்புப் பக்கத்தில், அவரது மொத்தச் சேமிப்பில் எத்தனை 500 ரூபா இருக்கிறது என்பதை ஒரு தனி நிரலில் எழுதுங்கள். முதல் ஐவருக்கும் ஜனவரியில் 1, பெப்ரவரியில் 2, மார்ச்சில் 3 என்று ஏறி டிசம்பரில் 12 வரும். வருட முடிவில் அந்த நிரலைக் கூட்டினால் 78 புள்ளி. ஜூலையில் வந்தவருக்கு 2, 4, 6, 8, 10, 12. கூட்டினால் 42 புள்ளி.

பெப்ரவரித் தவணையை ஏப்ரலில் கட்டுபவருக்கு இடைப்பட்ட இரண்டு மாதப் புள்ளி தானாகவே குறையும். அறுவடைக் காசு வந்ததும் கூடுதலாகப் போடுபவருக்கு அன்றிலிருந்து புள்ளி கூடும். இதற்காக எவரோடும் தர்க்கிக்க வேண்டியதில்லை.

வருட முடிவுப் பங்கீடு

வருடம் முழுவதும் எல்லாக் கடன்களிலும் 2,280 ரூபா வட்டி வந்தது என்று கொள்வோம். செலவு 120 ரூபாவைக் கழித்தால் பங்கிடத்தக்கது 2,160 ரூபா. முதல் ஐவரின் புள்ளிகள் 390, ஆறாமவரின் புள்ளிகள் 42, மொத்தம் 432. 2,160ஐ 432 ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு ஐந்து ரூபா. ஆகவே முதல் ஐவருக்கும் தலா 390 ரூபா வட்டி, ஆறாமவருக்கு 210 ரூபா. சேமிப்போடு சேர்த்து முதல் ஐவரும் தலா 6,390 ரூபாவும், ஆறாமவர் 6,210 ரூபாவும் பெறுவார்கள். மொத்தம் 38,160 ரூபா. எல்லாக் கடன்களும் திரும்பியிருந்தால் பெட்டியில் சரியாக அதே தொகை இருக்கும்.

வகுக்கும்போது சதங்கள் மிஞ்சினால், புள்ளியின் பெறுமதியைக் கீழ்நோக்கி முழுமைப்படுத்தி, மிகுதியை அடுத்த வருடக் கொப்பிச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கையில் வந்த வட்டியை மட்டுமே பங்கிட வேண்டும். ஒருவர் இன்னும் கொடுக்காத வட்டியை வருமானமாக எழுதிப் பங்கிட்டால், கடைசியாகப் பெறுபவரின் சேமிப்பில் கைவைக்க நேரிடும். ஒருவர் 2,000 ரூபா கடன் பாக்கி வைத்திருந்தால், அதை அவரது 6,390 ரூபாவிலிருந்து கழித்து 4,390 ரூபாவைக் கொடுக்க வேண்டும். பாக்கி அவரது பங்கையும் மிஞ்சினால் பிணை நின்றவர்கள் பொறுப்பு. அவர்களாலும் முடியாதபோது, அந்த நட்டத்தை வட்டியிலிருந்து முதலில் கழித்துவிட்டு மிகுதியையே பங்கிட வேண்டும்.

இடையில் விலகுபவர்

ஆவணியில் ஒரு குடும்பம் ஊர் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சேமிப்பை மட்டும் கொடுத்து வட்டியை மறுப்பது நியாயமல்ல. ஓகஸ்ட் மாத முடிவில் அவரது நிரலைக் கூட்டுங்கள்: 1 முதல் 8 வரை 36 புள்ளி. ஐவருக்கும் 180, ஜூலையில் வந்தவருக்கு 6, மொத்தம் 186. அதுவரை கையில் வந்த வட்டியில் செலவு போக 744 ரூபா இருந்தால், ஒரு புள்ளிக்கு நான்கு ரூபா. அவருக்கு வட்டி 144 ரூபா, சேமிப்பு 4,000 ரூபா, மொத்தம் 4,144 ரூபா. கொடுத்த பின்னர் அவரது 36 புள்ளிகளையும் அந்த 144 ரூபாவையும் வருடக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

அன்று பெட்டியில் பணம் இல்லாவிட்டால் என்ன செய்வது? பணம் முழுவதையும் கடனாகக் கொடுத்துவிடும் குழுவுக்கு இந்த நிலை வரும். ஆகவே எவரும் எந்த மாதத்திலும் புறப்படக்கூடிய நம் போன்றோரின் குழு, குறைந்தது ஓர் அங்கத்தவரின் முழுச் சேமிப்புக்குச் சமமான தொகையைக் கடன் கொடுக்காமல் வைத்திருக்க வேண்டும். அதனால் வட்டி சற்றுக் குறையும். ஆனால் புறப்படுபவர் வெறுங்கையோடு பஸ் ஏற வேண்டியிராது.

இந்த விதிகளை ஜனவரி மாத முதற் கூட்டத்திலேயே கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதி, எல்லோரும் ஒப்பமிடுங்கள்: வட்டி வீதம், கடன் தவணை, பிணை, புள்ளி முறை, விலகுபவரின் பங்கு. டிசம்பர்க் கூட்டத்தில் பணத்தை எண்ணுமுன் ஒவ்வொருவரின் புள்ளியையும் உரத்து வாசியுங்கள். தமது சிறு புத்தகத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொருவரும் சரி என்று சொன்ன பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும்.