இரண்டு டீ கிளாஸும் ஓர் அடிக்குறிப்பும்

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' 2018-ல் வந்தபோது தமிழில் ஒரு விமர்சனம் எழுதினேன். கடைசி வரி இப்படி முடிந்தது: "பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டீ கிளாஸ். அவ்வளவுதான் படம்." தமிழ் வாசகர் ஒருவர்கூட அதற்கு விளக்கம் கேட்கவில்லை. அதே விமர்சனத்தை வெளிநாட்டு வாசகர்களுக்காக ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தபோது அந்த வரியிலேயே மாட்டிக்கொண்டேன். போர்ச்சுகலில் உட்கார்ந்து படிப்பவருக்கு இரண்டு கிளாஸ் என்றால் இரண்டு பேர் டீ குடித்தார்கள், அவ்வளவே.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், அடிக்குறிப்பு போட்டேன். இரட்டைக் குவளை முறை, தீண்டாமை ஒழிப்புச் சட்டம் என்று ஆறு வரி. படிப்பவர் உச்சத்தில் நிற்கிற நேரம் பார்த்துப் பக்கத்தின் அடிக்கு இறங்கிப் பாடம் படித்துவிட்டு மேலே வர வேண்டும். திரும்பி வரும்போது காட்சி ஆறிப்போயிருக்கும். சரி, வாக்கியத்துக்குள்ளேயே நுழைத்துப் பார்ப்போம் என்று "சாதி பார்த்து டீக்கடைகளில் தனித்தனி கிளாஸ் வைக்கும் வழக்கத்தை நினைவூட்டும் இரண்டு கிளாஸ்" என்று எழுதினேன். பொருள் வந்துவிட்டது, அடி விழவில்லை.

விளக்கம் அவசியம்தான், ஆனால் அதன் இடம் அது இல்லை என்று அப்புறம்தான் உறைத்தது. விமர்சனத்தின் இரண்டாவது பத்தியில் பரியனின் ஊரைப் பற்றி எழுதியிருந்தேன். அங்கே கொண்டுபோய் வைத்தேன்: சிலருக்கு டீக்கடைக்காரர் தனி கிளாஸ் எடுத்துவைத்திருந்த நாட்டுப்புறம் இது, அந்த நினைவு இன்னும் யாருக்கும் போகவில்லை என்று அரை வாக்கியம். வாசகர் அதை ஊர் வருணனையாகப் படித்துக் கடந்துபோவார். பத்துப் பத்தி தாண்டி இரண்டு கிளாஸ் வரும்போது, தெரிந்துகொண்டதாக நினைக்க மாட்டார், ஞாபகம் வந்ததாக நினைப்பார். அதற்குப் பிறகு கடைசி வரியைத் தொடவே தேவையிருக்கவில்லை, தமிழில் இருந்தபடியே போனது.

எல்லாவற்றுக்கும் இப்படி முன்கூட்டியே விதை போட முடியாது. சட்டக் கல்லூரியில் சேர வந்த பரியன் டாக்டராக வேண்டும் என்கிறான். ஊசி போடும் டாக்டர் இல்லை, டாக்டர் அம்பேத்கர். இந்தச் சிரிப்பை விட்டுவிட மனமில்லை. "இந்திய அரசியலமைப்பின் சிற்பி" என்பது வெளிநாட்டு வாசகருக்குக் கல்வெட்டு மாதிரி. அவருக்கு ஏற்கனவே தெரிந்த ஒரு பெயரைப் பிடித்தேன்: நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற தலித் வழக்கறிஞர் என்று பத்துச் சொல்லுக்குள் சொன்னேன். டாக்டர் எங்கிருந்து வந்தது, சட்டக் கல்லூரிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்ற இரண்டும் அதிலேயே வந்துவிட்டன.

பரியன் தன் பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.எல். சொல்லி, 'மேல ஒரு கோடு' என்று சேர்க்கிறானே, அதை என்ன செய்ய? கல்யாணப் பத்திரிகையில் படிப்பின் மேல் கோடு போட்டால் இன்னும் முடிக்கவில்லை என்பது நமக்குச் சொல்லாமலே புரியும். ஆங்கிலத்தில் அதற்கு ஒரு பத்தியே ஆகும். என் வாதத்துக்கு அது தூண் இல்லை. வலித்தாலும் வெட்டினேன். கறுப்பிக்கு விளக்கமே வேண்டாம். தண்டவாளத்தில் கட்டப்பட்ட நாய் எந்த நாட்டிலும் நாய்தான்.

விளக்கம் இல்லாததைவிட மோசமானது தவறான நிகர்ச்சொல். பரியனின் அப்பா பெண் வேடம் கட்டி ஆடும் கூத்துக் கலைஞர். அவசரத்தில் 'ட்ராக்' கலைஞர் என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல் வாசகரை நேராக இரவு விடுதி மேடைக்குக் கூட்டிப் போய்விடும். கோயில் கொடையில் பிழைப்புக்காகச் சேலை கட்டும் மனிதர் காணாமல் போவார். அவர் வேட்டி உருவப்பட்டு ஓடுகிற காட்சியின் அவமானமும் திசைமாறும். 'கிராமத்துக் கூத்தில் பெண்ணாக ஆடுகிறவர்' என்று நீட்டி எழுதினேன். நான்கு சொல் கூடுதல், போகட்டும்.

படத்தைப் பார்க்காத, லிஸ்பனில் இருக்கும் தோழி ஒருத்திக்கு அனுப்பினேன். பிடித்திருக்கிறதா என்று கேட்கவில்லை, கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். விளக்கம் எங்கே விழவில்லை என்பது திருப்பிச் சொல்லும்போதுதான் தெரியும். அவள் இரண்டு கிளாஸுக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு ஒரே ஒரு கேள்வி: "நடுவில் ஒரு மல்லிகைப்பூ கிடந்தது என்று எழுதியிருக்கிறாய், அது என்ன?"

அதற்கு விளக்கம் சேர்க்கவில்லை. தமிழிலும் நான் எழுதியிருக்கவில்லை.