திருத்தும் முன் ஓர் எண்ணைப் பாருங்கள்

லிட்டில் இந்தியாவில் பூமாலை கட்டும் அக்கா ஒருவரைப் பற்றி, பாடத் திட்டப்பணிக்காக மூன்று நிமிடக் காணொளி எடுத்தேன். வெட்டி, ஒட்டி, இசையும் சேர்த்த பிறகே குறை கண்ணில் பட்டது. அக்கா பேசும் காட்சிகளில் எந்தக் கோளாறும் இல்லை. ஆனால், பூச்சரங்களின்மேல் கேமரா மெல்ல நகரும் காட்சி மட்டும் விநாடிக்கு ஒருமுறை இலேசாக வெட்டி இழுத்தது.

கேமராவில் குறை இல்லை, தவறு என்னுடையது. நான் படம்பிடித்தது விநாடிக்கு 25 ஃபிரேம். ‘டாவின்சி ரிசால்வ்’ மென்பொருளில் புதிய திட்டத்தைத் திறந்தால் அது இயல்பாக 24இல் இருக்கும். நான் அதைக் கவனிக்கவில்லை. 25 படங்களை 24 இடங்களில் அடைக்க, மென்பொருள் ஒவ்வொரு விநாடியும் ஒரு படத்தைக் கைவிட்டது. அசையாத முகத்தில் அது தெரியாது. சீராக நகரும் காட்சியில் அந்த இடைவெளி துள்ளலாகத் தெரியும்.

படத்தின் அளவை 4கேயிலிருந்து எச்டிக்குப் பிறகுகூட மாற்றலாம். ஃபிரேம் வேகம் அப்படியல்ல. திருத்தத் தொடங்கிவிட்டால் அந்தக் கட்டம் மங்கிப் பூட்டிக்கொள்ளும்.

அதனால் இப்போது நான் செய்வது இதுதான். ‘Media’ பக்கத்தின் மேல்பகுதியில், கணினியில் உள்ள கோப்புகளைத் திட்டத்தில் சேர்க்காமலேயே பார்க்கலாம். ஒரு காட்சியைச் சொடுக்கினால் ‘Metadata’ பகுதியில் அதன் ஃபிரேம் வேகமும் அளவும் தெரியும். அவற்றைக் குறித்துக்கொண்டு, வலப்பக்கக் கீழ் மூலையில் உள்ள பற்சக்கரத்தை அழுத்தி, ‘Master Settings’இல் ‘Timeline frame rate’ என்பதை 25 ஆக்குகிறேன். காட்சிகளைச் சேர்ப்பது அதன் பிறகுதான்.

இதை மறந்து காட்சியைச் சேர்த்தால், வேகத்தை மாற்றவா என்று மென்பொருளே ஒருமுறை கேட்கும். அவசரத்தில் ‘Don't Change’ என்பதை அழுத்தியதுதான் நான் செய்த பிழை.

கேமராவில் 25, நண்பரின் கைப்பேசியில் 30 என்று கலந்திருந்தால்? அசைவு அதிகமுள்ள முக்கியக் காட்சிகள் எதில் உள்ளனவோ, அந்த வேகத்தையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் சிறிது துள்ளல் இருக்கவே செய்யும். அசைவு குறைந்த இடங்களில் அதைப் பயன்படுத்துங்கள். அடுத்த முறை இருவரும் 25இலேயே படம்பிடிப்பது நல்லது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், 25 ஃபிரேமும் 1/50 ஷட்டரும் வைத்தால் கடை விளக்குகள் படத்தில் மினுக்காது.

நான் ‘Use Project Settings’ தேர்வை நீக்கி, 25இல் புதிய டைம்லைன் ஒன்றைத் தொடங்கி, எல்லா வெட்டுகளையும் மீண்டும் சரிபார்த்தேன். ஓர் இரவு முழுவதும் அதற்கே போனது. பூச்சரங்கள் இப்போது சீராக நகர்கின்றன.