உபகுழு சொன்னது செயற்குழுவுக்குப் போய்ச் சேர

நாற்பத்தெட்டு வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது. சங்கத்தின் செயற்குழு, பராமரிப்பு உபகுழுவிடம் விஷயத்தைப் பார்க்கச் சொல்கிறது. உபகுழு கூடி, மூன்று கொட்டேஷன்களை அலசி, மினிட்ஸ் எழுதுகிறது: ‘தொட்டிக் கசிவு பற்றி விரிவாக விவாதிக்கப்பட்டது. இரண்டாவது கொட்டேஷனே பரவாயில்லை என்று பலரும் கருதினர். செயற்குழு ஆவன செய்யலாம்.’

அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் அஜெண்டாவில் ‘பராமரிப்பு உபகுழு மினிட்ஸ்’ என்று ஒரே ஒரு வரி. செயலாளர் வாசிக்கிறார், எல்லோரும் தலையாட்டுகிறார்கள், ‘பதிவு செய்யப்பட்டது’ என்று எழுதியாகிறது. ஒரு மாதம் கழித்து உபகுழுக்காரர் காசோலை கேட்டால், பொருளாளர் மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “சார், இதுல யாரும் பணத்துக்கு ஒப்புதல் கொடுக்கலையே” என்கிறார். அவர் சொல்வது சரிதான். மினிட்ஸைப் பதிவு செய்வது வேறு, அதிலுள்ள பரிந்துரையை ஏற்பது வேறு.

பொதுவாக உபகுழுவுக்குப் பரிந்துரைக்கத்தான் அதிகாரம். செயற்குழு எழுத்தில் ஒப்படைத்த சின்னச் செலவுகளை மட்டும் தானே முடிவு செய்யலாம். அதனால் மினிட்ஸிலேயே இரண்டையும் பிரித்துவிட வேண்டும். தன் அதிகாரத்துக்குள் செய்தவை ‘தகவலுக்கு’, மேலே ஒப்புதல் தேவைப்படுபவை ‘முடிவுக்கு’. பரிந்துரையை ‘தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டால், ஆர்வக்கோளாறில் யாராவது காண்டிராக்டருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடக்கூடும்.

முடிவுக்குப் போகும் பரிந்துரையை, கூட்டத்துக்கே வராத ஒருவர் தனியாக எடுத்துப் படித்தாலும் புரியும்படி எழுத வேண்டும். செயலாளர் அதை அப்படியே அஜெண்டாவில் ஒட்டப்போகிறார் என்று நினைத்து எழுதினால் பாதி வேலை முடிந்தது. நம் தொட்டிக்கு அது இப்படி இருக்கலாம்:

‘பரிந்துரை 2: தொட்டியின் உட்பூச்சையும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சையும் புதுப்பிக்கும் வேலையை, வரி உட்பட ரூ. 2,85,000-க்கு, ‘ஆ’ நிறுவனத்திடம் கொடுக்கலாம். தொகை சிறப்புப் பராமரிப்பு நிதியிலிருந்து. அதில் ரூ. 28,500-ஐ நிறுத்திவைத்து, மழைக்காலம் முடிந்து கசிவில்லை என்று பார்த்தபின் கொடுக்கலாம். கொட்டேஷன் ஜூன் 30 வரை மட்டுமே செல்லும்.’

இதன் கீழே காரணம், இரண்டே வரியில். ‘அ’ நிறுவனம் கேட்டது ரூ. 2,50,000. ஆனால் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ. 45,000 சேர்ந்தால் ரூ. 2,95,000 ஆகிறது. இதை எழுதாமல் விட்டால், செயற்குழுவில் முதல் கேள்வியே “குறைஞ்ச ரேட்டை ஏன் விட்டீங்க?” என்றுதான் வரும். உபகுழு உட்கார்ந்து முடித்த விவாதத்தை அங்கே மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். யார் என்ன பேசினார், எத்தனை மணிக்கு டீ வந்தது என்பதெல்லாம் என்னைக் கேட்டால் வேண்டியதே இல்லை. ஓர் உறுப்பினர் மாற்றுக் கருத்து சொல்லி, அது பதிவாக வேண்டும் என்று கேட்டால் மட்டும் அதை ஒரு வரியில் சேர்க்கலாம். அவர் செயற்குழுவில் திடீரென்று எழுந்து பேசுவதைவிட அது நல்லது.

ஒரு பரிந்துரைக்குள் ஒரே முடிவு. தொட்டி வேலையோடு ‘மோட்டாரையும் மாற்றலாம்’ என்று சேர்த்து எழுதினால், மோட்டாரில் சந்தேகம் உள்ளவர்கள் தொட்டியையும் சேர்த்தே தள்ளிப்போடுவார்கள். அது பரிந்துரை 3 ஆகத் தனியே நிற்கட்டும். அஜெண்டாவிலும் அதே எண்ணைக் குறிப்பிட்டால், பிறகு தேடுவதற்கு எளிது.

பலர் கவனிக்காதது தேதிக் கணக்கு. செயற்குழு ஜூன் 22-இல் கூடுகிறது, அஜெண்டா ஏழு நாள் முன்னதாகப் போக வேண்டும் என்றால், ஜூன் 15-க்குள் பரிந்துரை செயலாளர் கையில் இருக்க வேண்டும். உபகுழு 18-ஆம் தேதி கூடினால் விஷயம் ஜூலைக்குப் போய்விடும், கொட்டேஷனும் காலாவதி. ஜூன் 5 வாக்கில் கூடினால் மூச்சுவிட நேரம் இருக்கும்.

இதில் இன்னொரு சிக்கல். ஒரு கூட்டத்தின் மினிட்ஸை அடுத்த கூட்டத்தில்தான் உறுதி செய்வார்கள். உபகுழுவின் அடுத்த கூட்டமோ செயற்குழு முடிந்த பிறகுதான் வரும். அதற்கு வழி, கூட்டம் கலைவதற்கு முன்பே பரிந்துரையின் வாசகத்தை மட்டும் உரக்கப் படித்து, தொகையையும் நிபந்தனையையும் எல்லோரிடமும் சரிபார்த்துக்கொள்வது. மீதியை இரண்டு நாளில் எழுதி, தலைவரிடம் காட்டி, ‘வரைவு’ என்று மேலே போட்டு அனுப்பலாம்.

செயற்குழுவின் மினிட்ஸில், ‘பரிந்துரை 2 ஏற்கப்பட்டது’ என்றோ, ‘உத்தரவாதக் காலம் எத்தனை ஆண்டு என்று கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டது’ என்றோ, எண்ணைச் சொல்லி எழுத வேண்டும். திருப்பி அனுப்பினால், அந்தக் கேள்விதான் உபகுழுவின் அடுத்த அஜெண்டாவில் முதல் பொருள்.